பச்சை வட்டம்

ரத்தினவேலுக்கு மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தப் போனை வைத்து அப்பனுக்கும் மகளுக்கும் நடந்த மாதிரிச் சண்டையைப் பங்காளிகள் வயல் வரப்புக்குக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள். சண்டை என்று சொன்னாலும் பேசுவது முழுக்க ரஞ்சனிதான். அப்பா கேட்டுக்கொண்டு தரையைப் பார்ப்பார்.

ரஞ்சனியைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாசத்துக்குக் குறைவே கிடையாது. பொறுமைதான் பிறக்கும்போதே கொஞ்சம் கம்மி. தில்லை நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. புருஷன், பிள்ளை, சமையல் எல்லாம் கே.கே. நகரில். அப்பாவோ காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகும் அங்கிருந்து நகர மாட்டேன் என்றுவிட்டார். காலையில் காவிரியில் ஒரு முழுக்கு, சாயங்காலம் முஜிபுர் ரஹ்மானின் சைக்கிள் கடையில் கேரம். அந்த மனுஷனுக்கு உலகமே அவ்வளவுதான்.

போன மாதம் சர்க்கரை இறங்கிப் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டார் பார்த்ததால் பிழைத்தார். அப்போது அவரிடம் இருந்த பழைய பட்டன் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. மறுநாளே ரஞ்சனி பெரிய திரை வைத்த போனோடு வந்து இறங்கினாள். காலையிலும் மத்தியானத்திலும் கூப்பிடுவேன், எடுத்தே ஆக வேண்டும் என்று கண்டிஷன்.

ஆனால் சில நேரம் எடுப்பார், சில நேரம் எடுக்கவே மாட்டார். எடுக்காத நாளெல்லாம் ரஞ்சனி கிளம்பிவிடுவாள். லேபில் பாதி வேலையைப் போட்டுவிட்டு, ஸ்கூட்டியைக் காவிரிப் பாலத்து நெரிசலில் நுழைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், அப்பா கல்லுக் குண்டாட்டம் உட்கார்ந்திருப்பார்.

"குளிச்சிட்டிருந்தேன்மா."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைப்பா குளிப்பீங்க?"

அப்புறம் பாடம் ஆரம்பிக்கும். "பச்சையைத் தொடுங்கன்னு சொன்னேன்ல? இதுல என்னப்பா இருக்கு, என் பையன் யூ.கே.ஜி. படிக்கறப்பவே எடுத்துப் பேசினான்! குடுங்க இப்படி." வெடுக்கென்று போனைப் பிடுங்குவாள். விரல் திரையில் அங்கேயும் இங்கேயும் ஓடும். "பார்த்தீங்களா? அவ்வளவுதான்." என்ன பார்த்தார் என்று அவருக்குத்தான் வெளிச்சம். திருப்பிக் கையில் கொடுத்துவிட்டுத் தன் போனிலிருந்து கூப்பிடுவாள். அவர் பச்சையைத் தொடுவார். கச்சிதமாக எடுக்கும். "தெரியுதுல்ல? அப்ப கூப்பிடும்போது எடுக்க என்ன வலிக்குது?"

இப்படியே போய், ஒரு நாள் ஆத்திரத்தில் ஒரு காரியம் செய்தாள். வீட்டுச் சொந்தக்காரர் பீமராவ் சென்னையில் மகனோடு இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, மாசக் கடைசியில் அப்பா வீட்டைக் காலி செய்கிறார் என்று சொல்லிவிட்டாள். அப்பாவிடம் அதற்கு அப்புறம்தான் சொன்னாள். "போனை எடுக்கத் தெரியாதவரைத் தனியா விட முடியாதுப்பா. எங்களோட வந்துடுங்க." அவர் அன்று சாயங்காலம் கேரம் ஆடப் போகவில்லை என்று மட்டும் பின்னால் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமையும் அப்பா எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. ரஞ்சனி வழக்கம்போலப் பாலத்தைத் தாண்டி வந்தாள். திட்ட வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போது இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். உள்ளே மணி அடித்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. எட்டிப் பார்த்தாள்.

அப்பா நாற்காலியில் இருந்தார். ஸ்டூலிலிருந்து போனை அவசரமாக எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பச்சை வட்டத்தைத் தொட்டார். போனைக் காதில் வைத்தார். "ஹலோ, ரஞ்சனி? எடுத்துட்டேம்மா. ஹலோ?" மணி நிற்கவில்லை. திரும்பப் பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டார். அழுத்தித் தொட்டார். கட்டை விரலால் தொட்டார். "எடுத்துட்டேம்மா, எடுத்துட்டேன்…" மணி ஓய்ந்துபோனது. இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கும் கோவிச்சுக்கப் போறா" என்றார், யாருமில்லாத அறையில்.

ரஞ்சனி வழியெல்லாம் அடுக்கிய வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் இல்லை. ஜன்னலை விட்டு நகர்ந்து, கொஞ்ச நேரம் சுவரோரம் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

"குளிச்சிட்டிருந்தேன்மா" என்றார் அப்பா. தலைமுடி காய்ந்து கிடந்தது.

அட கடவுளே, இத்தனை நாளும் இதுதானா? மகள் வாயால் மக்கு என்று கேட்பதைவிட, பொறுப்பில்லாதவன் என்று கேட்பது மேல் என்று நினைத்திருக்கிறார் மனுஷன். "பரவால்லப்பா" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க போனை ஒரு நிமிஷம் பார்க்கட்டுமாப்பா?"

கேட்டு வாங்கியதும் முதல் தடவைதான். அணைந்து கிடந்த போனை மடியில் வைத்துத் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். திரை முழுக்க அவள் பெயர் வந்தது. கீழே பச்சை வட்டம் துள்ளித் துள்ளிக் குதித்தது. தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை தொட்டாள். ஊஹூம். வட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில், இங்கிலீஷில், மேலே தள்ளவும் என்று இருந்தது. தள்ளினாள். எடுத்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாடம் நடத்தியபோதெல்லாம் போன் விழித்திருந்தது. திரை திறந்திருக்கும்போது கூப்பிட்டால், மேலே சின்னதாக ஒரு பட்டை வரும். அதில் பச்சையைத் தொட்டாலே போதும். தூங்குகிற போனுக்குக் கதையே வேறு. அங்கே தொட்டால் எடுக்காது, தள்ள வேண்டும். அவளுடைய விரல் இரண்டையும் யோசிக்காமல் செய்து பழகியதால் இரண்டு விதம் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அப்பா செய்தி வீடியோ பார்க்கும்போது கூப்பிட்டால் எடுத்திருக்கிறார். மற்ற நேரமெல்லாம், மகள் சொன்னபடி, ஒரு பிசகும் இல்லாமல், தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பாதிப் பாடத்தை நடத்திவிட்டு முழுப் பரீட்சை வைத்து, ஃபெயில் என்று வீட்டையும் காலி பண்ணச் சொன்ன வாத்தியாரை என்ன செய்யலாம்?

"அப்பா, நான் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"இல்லம்மா, எனக்குத்தான் வயசாயிடுச்சு…"

"வயசு இல்லப்பா. நான் பாதிதான் சொன்னேன். நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. இப்ப மீதியைச் சொல்றேன், கேப்பீங்களா?"

எதிரே உட்காராமல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். எதிரே உட்கார்ந்தால் அவருக்கு நேராகத் தெரிவது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். கூப்பிடும் நேரம் தவிர, தன் கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளை அவளே நம்பவில்லை.

"பக்கத்துப் பட்டனை அழுத்தி அணைச்சுடுங்க. தூங்கட்டும். இப்ப கூப்பிடறேன், எடுக்க வேணாம். சும்மா பாருங்க. என்ன தெரியுது?"

"உன் பேரு. கீழ பச்சை குதிக்குது."

"அதுமேல விரலை வச்சு, எடுக்காம, அப்படியே மேல தள்ளணும். தாழ்ப்பாளை மேல தள்ளிப் போடுவோமே, அந்த மாதிரி."

தள்ளினார். பாதி வழியில் விரலை எடுத்துவிட்டார். வட்டம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. துப்பட்டாவுக்குள் ரஞ்சனியின் விரல்கள் துடித்தன. 'அதான் எடுக்காதீங்கன்னு சொன்னேன்ல' என்பது நாக்கு நுனி வரை வந்தது. கடித்து விழுங்கினாள்.

"வழுக்குது" என்றார் அவர்.

"ஆமாப்பா, வழுக்கும். மெதுவாவே தள்ளலாம், ஒண்ணும் அவசரமில்ல. நீங்க எடுக்கற வரைக்கும் நான் கூப்பிட்டுட்டேதான் இருப்பேன்."

அடுத்த தடவை கீழே தள்ளிவிட்டார். அழைப்பு போய்விட்டது. அவர் முகம் சட்டென்று வாடியது. திட்டுக்குத் தயாராகிற முகம். அந்த முகத்தைத் தானே செய்து வைத்திருக்கிறோம் என்று ரஞ்சனிக்குச் சுருக்கென்றது.

"ஒண்ணும் கெட்டுப் போகலப்பா. கட் ஆயிடுச்சு, அவ்வளவுதான். வேணும்னா நீங்களே என்னைத் திருப்பிக் கூப்பிடலாம். அதையும் பார்த்துடலாமா?"

"பார்ப்போம்" என்றார். நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

பட்டனை அழுத்தித் திரையை எழுப்பி, கீழிருந்து தள்ளித் திறந்தார். பூட்டுக்கு நம்பர் எதுவும் அவள் வைத்திருக்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம். போன் படத்தைத் தொட்டதும் ரஞ்சனி பெயர் சிவப்பு அம்புக்குறியோடு மேலே நின்றது. பெயரைத் தொட்டார். அவள் போன் மடியில் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே, "ஹலோ, சொல்லுங்கப்பா" என்றாள். அவர் காதில் போனை வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "சாப்பிட்டியாம்மா?"

சாப்பிடவில்லைதான். அன்றைக்கு அங்கேயே ரசம் சாதம் சாப்பிட்டாள். சாப்பிடும்போது, பாத்திரம் கழுவும்போது, வாசலில் செருப்பு மாட்டும்போது என்று நடுநடுவே கூப்பிட்டாள். போனை மேஜையில், சட்டைப் பையில், தலையணைக்கடியில் என்று அவரே இடம் மாற்றி மாற்றி வைத்து எடுத்துப் பார்த்தார். இரண்டு தடவை தவறியது. ரஞ்சனி இன்னொரு தடவை அடித்தாள், அவ்வளவுதான். ஒரு முறை மேலே பட்டையாக வந்தபோது, "இது முழிச்சிட்டிருக்கற போன், தொட்டாப் போதும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். ரஞ்சனி ஆமாம்கூடச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் பாலத்தைத் தாண்ட வேண்டியே வரவில்லை. காலையில் எடுத்தார், மத்தியானம் எடுத்தார். "இட்லி சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், வெச்சிடறேன்" என்று பெரிய ஆபீசர் மாதிரி பேசினார். வீட்டு விஷயத்தை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. பீமராவிடம் சொன்ன சொல்லை எந்த முகத்தோடு திருப்பி வாங்குவது என்று ரஞ்சனி நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தாள். புருஷன்வேறு உள்ளறையைக் காலி பண்ணிக் கட்டில் போட்டுவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் லேபிலிருந்து சும்மா கூப்பிட்டாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன். ரஞ்சனி திரையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். அப்பாதான். வேறொரு அழைப்பா? அவர் யாரைக் கூப்பிடுவார்? எவனாவது ஓ.டி.பி. கேட்கிறானோ? கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டாள். இன்னும் அதே குரல். வண்டிச் சாவியைத் தேடிப் பையில் கையை விட்டபோது அப்பாவே கூப்பிட்டார்.

"நீ கூப்பிட்டது நடுவுல தெரிஞ்சுதும்மா. பேச்சை விட முடியல."

"யாருப்பா?"

"பீமராவ் சார். காலி பண்ணலை, இருக்கப் போறேன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டார்."

ரஞ்சனிக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. "என்னை ஒரு வார்த்தை கேக்காம…" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பீமராவிடம் காலி செய்கிறார் என்று சொன்ன அன்றைக்கு அவரை யார் கேட்டது?

"நீ சொன்ன சொல்லு, திருப்பி வாங்க உனக்குச் சங்கடமா இருக்கும்ல. அதான் நானே பேசிட்டேன்" என்றார் அப்பா. "கோவமாம்மா?"

"இல்லப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாப் பேசியிருக்கீங்க."

"சரி, வெச்சிடறேன். பாய் காயின் அடுக்கிட்டார்."

வைக்கவில்லை. சிவப்பைத் தொட மறந்து, அப்படியே சட்டைப் பையில் போட்டுவிட்டார் போல. கடைக்குள் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. "வாங்க ரத்தினவேல், ஒரு வாரமா ஆளையே காணோம்?" என்றார் முஜிபுர் ரஹ்மான். "வீட்டுல கொஞ்சம் படிப்பு ஓடிட்டிருந்துச்சு பாய்" என்றார் அப்பா. அப்புறம் ஸ்ட்ரைக்கர் காயினில் மோதும் சத்தம். ரஞ்சனி கட் பண்ணாமல், அடுத்த ஆள் ரத்தம் கொடுக்க வந்து உட்காரும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.