முப்பது பச்சைக் கம்பங்கள்

கணவனின் அண்ணன், அவளுக்குப் பெரியத்தான், ஒரு செய்தி அனுப்பியிருந்தார். போன மாசம் ஒவ்வொரு நாளும் எவ்வளவு கரண்ட் வந்தது, அதனால் எவ்வளவு மிச்சம், கூட்டிச் சொல்ல வேண்டும். கேட்க அவருக்கு உரிமை உண்டு. மொட்டை மாடியில் சோலார் போட்ட கடன் அவர் பெயரில்தான் இருந்தது. தம்பிக்கு நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினும் ஏசியும் இரவு பகலாக ஓடி, கரண்ட் பில் கழுத்தை நெரித்த சமயத்தில் அவர்தான் தாமாக முன்வந்து கையெழுத்துப் போட்டார்.

அவள் போனில் இன்வெர்ட்டர் ஆப்பைத் திறந்து, மாதக் கணக்குப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, விரலால் பெரிதாக்கினாள். நாளுக்கு ஒன்றாகப் பச்சைக் கம்பங்கள். எதன் தலையிலும் எண் கிடையாது. இடது ஓரத்தில் ஐந்து, பத்து, பதினைந்து என்று மூன்று கோடுகள் மட்டும். பத்துக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் பதினொன்று, ஐந்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் நாலரை. இப்படிக் கண் அளவாலேயே ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

பதினேழாம் தேதிக் கம்பம்தான் எல்லாவற்றிலும் உயரம். அன்று சாயங்காலம்தான் கணவன் உயிர் போனது. அன்றைக்கு வெயில் அப்படிக் கொளுத்தியது அவளுக்கு நினைவே இல்லை. பதினெட்டும் ஏறக்குறைய அதே உயரம். வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது, மேலே சோலார் தகடுகள் தம் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கின்றன.

பதினேழு வரை இருநூற்று நாலு, அதற்குப் பிறகு நூற்று நாற்பத்தேழு. மொத்தம் முந்நூற்று ஐம்பத்தொரு யூனிட். ஸ்கிரீன்ஷாட்டின் உச்சியில் ஆப்பே போட்டிருந்த மாத மொத்தம் முந்நூற்று நாற்பத்தெட்டு. கண் அளவுக்கு மோசமில்லை. ஆப் சொன்னதையே எடுத்துக்கொண்டாள்.

ஒரு யூனிட் விலை எட்டு ரூபாய். எட்டால் பெருக்கினால் இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்து நாலு. மாதத் தவணை இரண்டாயிரத்து ஐந்நூறு. தவணை போக மிச்சமே இருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அனுப்பினால் பெரியத்தான் மறுபேச்சுப் பேச மாட்டார்.

ஆனால் அது தப்புக் கணக்கு. வீட்டில் செலவான யூனிட்டுக்குத்தான் எட்டு மிச்சம். செலவாகாமல் லைனுக்குப் போன யூனிட்டுக்குக் கரண்ட் ஆபீஸ் கொடுப்பது வெறும் இரண்டு. சோலார் மாட்டிய மெக்கானிக் அதை முதல் நாளே சொல்லியிருந்தான். பில்லை எடுத்துப் பார்த்தாள். வெளியே போனது நூற்று அறுபத்தெட்டு. மற்ற மாதங்களில் அது எண்பதைத் தாண்டியதில்லை. பகலில் வந்ததில் பெரும்பகுதியை அவன் அறையே குடித்துவிடும். வீட்டில் செலவான நூற்றெண்பதுக்கு எட்டு வீதமும், வெளியே போனதுக்கு இரண்டு வீதமும் போட்டால் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறுதான்.

அதையே ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினாள்.

மறுநாள் அவரே வந்துவிட்டார். சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறவர்; விரல் இடுக்கில் எப்போதும் மை இருக்கும். போனை நீட்டி, கம்பமெல்லாம் கடைசி வரை ஒரே மாதிரிதானே நிற்கிறது, பணம் மட்டும் எப்படிக் குறைந்தது என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

“வெயில் குறையல, பெரியத்தான். செலவழிக்கத்தான் ஆளில்ல” என்றாள். “பதினெட்டாம் தேதியிலேர்ந்து மெஷின் ஓடல. ஏசி ஓடல. ஒரு ஃபிரிட்ஜும் ஃபேனும்தான்.”

அவளே மீதியையும் சொன்னாள். இனிமேல் வரும் மாதங்களில் ஆயிரம்கூடத் தேறாது, தவணையில் பாதிக்கு மேல் அவர் கையிலிருந்துதான் போகும். அச்சகத்தில் பகல் முழுக்க மெஷின் ஓடுகிறது, அங்கே மாட்டினால் ஒரு யூனிட்டும் வீணாகாது.

“அதுக்காகக் கேக்கலம்மா நான்.”

“தெரியும். எடுத்துக்கிட்டுப் போங்க.”

கொஞ்ச நாள் போகட்டும் என்றார். போனால் மட்டும் என்ன மாறும் என்று அவள் கேட்டாள். அச்சகத்தில் கடன் தலைக்கு மேல் இருப்பது அவளுக்கும் தெரியும். அதை அவர் வாய் விட்டுச் சொல்ல வேண்டிய நிலைமைக்கு விடாமல், சோலாரை அச்சகத்துக்கு மாற்ற அனுமதி கேட்டுக் கரண்ட் ஆபீசுக்கு எழுத வேண்டிய மனுவை அவளே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

அனுமதி வந்ததும் மெக்கானிக்கும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். இன்வெர்ட்டரை அணைத்து, வயரைக் கழற்றி, தகடுகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். தளத்தில் போல்ட் இருந்த ஓட்டைகளுக்குத் தார் பூசினார்கள். ஆப்பில் அவள் எண்ணை நீக்கிவிட்டுப் பெரியத்தானின் எண்ணைப் போட வேண்டியிருந்ததால், மெக்கானிக் அவள் போனை ஒரு நிமிடம் வாங்கிக்கொண்டான். திருப்பித் தந்தபோது திரையில் உள்ளே நுழையச் சொல்லும் வெற்றுப் பக்கம் மட்டும் இருந்தது.

வண்டி கிளம்பிய பிறகும் பெரியத்தான் போகவில்லை. தம்பியின் அறை வாசல் வரை போய், உள்ளே போகாமல் நின்றார்.

“சாப்பிட்டியாம்மா?”

“ஆச்சு” என்றாள். காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.