நிறுத்தி வைத்த நியமனம்

செல்போன் சிணுங்கியபோது, லேபில் எல்லோரும் ‘சீனியர்’ என்று கூப்பிடும் மூத்த டெக்னீஷியனின் இரண்டு கைகளிலும் உறை. சாம்பிள் குழாய்களை ஸ்டாண்டில் அடுக்கி, உறையைக் கழற்றி, கை கழுவிவிட்டுத்தான் எடுத்துப் பார்த்தாள்.

பெரிய மருத்துவமனையிலிருந்து மெயில். அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குச் சேரவேண்டிய இடம்.

‘நிர்வாகக் காரணங்களால் தங்கள் பணி நியமனம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது. மறு தகவல் வரும்வரை காத்திருக்கவும்.’

மூன்றாவது முறை படித்தபோதும் அதில் அந்த இரண்டு வரிதான் இருந்தது.

நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. அதை நம்பி இங்கே, இந்தச் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில், ராஜினாமாவும் கொடுத்தாகிவிட்டது. இந்தச் சனிக்கிழமையோடு கணக்கு முடிகிறது. அவள் நாற்காலிக்கு ஒரு புதுப் பெண்ணையும் எடுத்தாகிவிட்டது.

மருத்துவமனையின் எச்.ஆர். பெண்ணுக்குப் போன் போட்டாள். ரிங் போனது, போய்க்கொண்டே இருந்தது. நேர்காணலன்று “அக்கா அக்கா” என்று வாய் நிறையக் கூப்பிட்ட பெண்.

நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். அவர்தான் நிலையத்தின் முதலாளி.

“இப்ப என்ன பண்ணணும்ங்கற சீனியர்?”

“அங்க இல்லைன்னு ஆயிட்டா, நான் இங்கயே இருந்துக்கறேன் டாக்டர்.”

“இருந்துக்கறேன்னு லேசா சொல்ற. நான் புதுப் பொண்ணுக்குக் கடிதம் கொடுத்துட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, உன் கை ஊசிக்கு நம்ம பேஷன்ட்டுங்க பழகிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அங்க உண்டா இல்லையான்னு எழுத்துல வாங்கிட்டு வா. அந்தப் பொண்ணு விஷயத்தை நான் பார்த்துக்கறேன்.”

சீனியர் கையெடுத்துக் கும்பிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு நாத்தனார் வந்தாள். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். மடிக்கணினியை மடியில் வைத்து, மருத்துவமனைக்கு அனுப்ப அண்ணி எழுதி வைத்திருந்த மெயிலைப் படித்தாள்.

“என்ன அண்ணி இது, ‘மனசாட்சி இருக்கிறதா’ன்னு எழுதியிருக்கீங்க? எச்.ஆர்.கிட்ட போய் அதைக் கேட்கலாமா? நானே எச்.ஆர்.தான்!”

“அதான் இல்லைன்னு ஊருக்கே தெரியுமே” என்றான் அவள் அண்ணன், சீனியரின் கணவன், கதவோரம் சாய்ந்தபடி. பள்ளி வேன் ஓட்டுகிறவன். வேன் பட்டறையில் கிடந்ததால் அவனும் ஒரு வாரமாக வீட்டில் கிடந்தான்.

“நீ பேசாதடா. அண்ணி, திட்டி எழுதினா அவங்களுக்கு சௌகரியம். ‘இவ ஒத்துவர மாட்டா’ன்னு ஃபைலை மூடிடுவாங்க. மூணே கேள்வி. நிறுத்தி வெச்சிருக்கீங்களா, ரத்தே பண்ணிட்டீங்களா? என்ன காரணம், அந்தப் பணியிடத்துக்கு அனுமதி இல்லையா, என் சான்றிதழ்ல ஏதாவது பிரச்சினையா? எப்ப முடிவு சொல்வீங்க? அவ்வளவுதான். உங்க கடிதத்தை நம்பித்தான் ராஜினாமா கொடுத்தேன்னு ஒரு வரி, தேதியோட. உங்களை நேர்காணல் பண்ணின லேப் ஹெட்டுக்கும் ஒரு காப்பி.”

“கேஸ் போட முடியாதா?” என்றான் கணவன்.

நாத்தனார் நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்தில் விரலை வைத்தாள். ‘சேரும் நாளுக்கு முன் காரணம் கூறாமல் ரத்து செய்யும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு.’

“இதைப் படிக்கலையா அண்ணி?”

“சம்பளத்தைப் படிச்சேன்.”

மூன்று பேரும் சிரித்தார்கள்.

நாத்தனார் மெயிலை முடித்துக் கொடுத்துக் கிளம்பும்போது, செருப்பில் காலை நுழைத்தபடி திரும்பினாள். “ஒண்ணு மட்டும். பழைய இடத்துல எடுத்துக்குவாங்கன்னு மூச்சு விடாதீங்க. உங்களுக்கு வேற போக்கிடம் இல்லைன்னு நினைச்சாத்தான் கொஞ்சமாவது யோசிப்பாங்க.”

அவள் போனதும் சீனியர் மெயிலை மறுபடி வாசித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ விட்டுப்போனது போல உறுத்தியது. ரிப்போர்ட்டில் வந்த அளவுகளில் ஒன்றைப் போட்டு ஒன்றை மறைத்து அவள் அனுப்பியதில்லை. பாதி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் சரியான முடிவு எடுக்க முடியாது என்பதுதான் இத்தனை வருடத் தொழிலில் அவள் படித்த பாடம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் ஏன் வேண்டும் என்று சொன்னால்தானே சீக்கிரம் பதில் வரும்?

ஒரு வரி சேர்த்தாள். ‘வெள்ளிக்கிழமைக்குள் தாங்கள் தெரிவித்தால், இப்போதைய இடத்திலேயே என்னைத் தொடர அனுமதிப்பார்கள்.’

அனுப்பினாள்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது.

‘புதிய பணியிடங்களுக்கான அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது. தாங்கள் தற்போதைய பணியில் தொடர வாய்ப்பு உள்ளதாக அறிகிறோம். எனவே தங்கள் நியமனம் ரத்து செய்யப்படுகிறது. வாழ்த்துகள்.’

போனில் நாத்தனார் கத்தவில்லை. அதுதான் வலித்தது. “அவங்க தப்பிச்சுக்க நீங்களே கதவைத் திறந்து விட்டுட்டீங்க அண்ணி. அனுமதி திரும்பி வந்தா முதல்ல கூப்பிடற பட்டியல்ல இருந்திருப்பீங்க. சரி விடுங்க, பழைய இடமாவது இருக்கே.”

இருந்தது. டாக்டரம்மா பதிலைப் படித்து, தலையை ஆட்டி, “போய் வேலையைப் பாரு” என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து நிலையத்தின் மெயில் பெட்டியைத் திறந்தாள். ரிப்போர்ட் கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே ஒன்று இருந்தது.

‘மதிப்பிற்குரிய டாக்டர், திங்கட்கிழமை வர வேண்டாம் என்று நேற்று போனில் சொன்னீர்கள். என்ன நடந்தது என்று புரியவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறீர்களா, ரத்து செய்துவிட்டீர்களா? உங்கள் கடிதத்தை நம்பி இருந்த வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.’

புதுப் பெண்.

சீனியர் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

“நிறுத்தி வெச்சிருக்குன்னே ஒரு பதில் போட்டுடு.”

“ரத்துதானே டாக்டர்?”

“நீ நாளைக்கு வேற எங்கயாவது கிளம்பினா? ஒரு ஆள் கையில இருக்கட்டும்.”

மருத்துவமனையில் யாரோ ஒருவர் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசியிருப்பார் என்று சீனியருக்குத் தோன்றியது. இதே மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், இதே போலக் கோபமே இல்லாமல்.

“நான் எங்கயும் போகல டாக்டர். அந்தப் பொண்ணு காத்துக்கிட்டே இருக்கும். வேற இடம் தேடாது.”

“போகலைன்னா எழுதிக் கொடு. ரெண்டு வருஷம்.”

நாற்காலியை அந்தப் பெண்ணுக்கே விட்டுவிடலாம். நினைத்துப் பார்த்தாள். பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த வேன் எஞ்சின் கண்முன் வந்தது. கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த மகளின் முகமும் வந்தது. விடுகிற நிலைமையில் அவள் இல்லை.

எழுதிக் கொடுத்தாள்.

பிறகு டாக்டரம்மாவின் பெயரில் பதில் அடித்தாள். ‘தங்கள் நியமனம் ரத்து செய்யப்படுகிறது. வேறு வாய்ப்பைத் தேடிக்கொள்ளவும்.’ ‘வாழ்த்துகள்’ என்று கை தானாகவே அடித்திருந்தது. அதை மட்டும் அழித்தாள்.

சற்று நேரத்தில் மறுபதில். ‘தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. என் மீது ஏதாவது குறையா? அடுத்த இடத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது?’

சீனியர் டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை.

‘உங்கள் மீது எந்தக் குறையும் இல்லை. போவதாக இருந்தவர் போகவில்லை. அவர்தான் இதை எழுதுகிறார்.’

அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு முறை பெட்டியைத் திறந்து பார்த்தாள், வரவில்லை. வெளியே ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்திருந்தவர்கள் பொறுமையிழந்து கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.