பள்ளம் விழாத மெத்தை

மெத்தைக் கடைக்காரர் தைத்த மெத்தையில் படுத்த ஒரு வாத்தியார் மூன்று நாள் கழித்துத்தான் எழுந்தார். அதுவும் பசி தாங்காமல். இதைக் கடைக்காரரே சொல்வார். கேட்டவர் யாரும் மறுத்ததில்லை, அந்த வாத்தியாரை யாரும் பார்த்ததுமில்லை.

அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "அண்ணே, உன் மெத்தையில நடுவுல பள்ளம் விழுது" என்று சொல்லிவிட்டார் தம்பி. அவ்வளவுதான். அந்த மாதமே தம்பி கடல் தாண்டிப் போனார். பதினான்கு வருடம் பேச்சில்லை. ஒரு விரற்கடைப் பள்ளத்தில் இரண்டு மனுஷர்கள் விழுந்து கிடந்தார்கள்.

கடைக்கு இணையதளம் போட்டுக் கொடுத்தவள் அக்கா மகள். அதுதான் அவள் தொழில். கடைக்காரர் இரண்டே நிபந்தனை வைத்தார். 'பள்ளம் விழாத மெத்தை' என்று தனியாக ஒரு பக்கம் வேண்டும். வருகிறவர்களை வேவு பார்க்கக் கூடாது.

"நம்ம கடைக்குள்ள வர்றவன்கிட்ட ஊரு பேரு கேக்கறோமா? அங்கயும் கேக்காதே."

"கேக்காது மாமா. அவங்க போன்ல அடையாளம் ஒட்டி வைக்கிற குக்கி கிடையாது. வர்ற ஆளுக்கு அன்னிக்கு மட்டும் ஒரு அடையாள எண். அத உருவாக்கின சாவிய தினமும் ராத்திரி அழிச்சிடும். மறுநாள் அதே ஆள் வந்தாலும் புது ஆள்தான்."

கடைக்காரர் தலையாட்டினார். காதில் வாங்கியது பாதி.

எத்தனை பேர் வந்தார்கள், அதில் எத்தனை பேர் 'எங்களை அழையுங்கள்' பொத்தானை அமுக்கினார்கள் என்று மட்டும் கணக்கு வரும். பள்ளம் விழாத பக்கத்தில் தினமும் நாலு மணி வாக்கில் ஒருவர் அமுக்கினார். நாற்பது நாளில் நாற்பது. தொலைபேசி மட்டும் மூச்சு விடவில்லை. கடைக்காரர் அதைத் துடைத்து வைத்தார், தட்டிப் பார்த்தார், பக்கத்துக் கடையிலிருந்து தன்னையே கூப்பிட்டும் பார்த்தார். நன்றாகத்தான் அடித்தது.

"நாப்பது பேர் அமுக்கறான், ஒருத்தன் பேசல! என்னைக் கேலி பண்றானுங்களா?"

"அமுக்கினா நம்பர் அவங்க போன்ல வந்து நிக்கும், அவ்வளவுதான். பச்சையை அமுக்கினாத்தான் இங்க மணி அடிக்கும். அதுவுமில்லாம அது நாப்பது பேர்தான்னு..."

"நீ பாடம் நடத்தாதே. பொத்தானைத் தூக்கு. எழுதிக் கேக்கட்டும்."

திங்கள் சாயங்காலம் நம்பரோடு பொத்தானைத் தூக்கினாள். அந்த இடத்தில் ஒரு படிவம் வந்தது. பெயர், ஊர், மெத்தையின் நீளம், அகலம். நான்கும் கட்டாயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் நேரில் வந்தாள். உட்காரவில்லை.

"மாமா, சின்ன மாமா வெள்ளிக்கிழமை காலைல போயிட்டார். ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியிலயாம். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாராம்."

கடைக்காரர் கையிலிருந்த கோணி ஊசியைப் பஞ்சில் குத்தி வைத்தார். "அந்த நாப்பது பேர் எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டார்.

"ஊர் தெரியாது. நாடு மட்டும் வரும்."

"பாரு."

கணினியைத் திறந்தாள். அமுக்கியவர்களை மட்டும் பிரித்தாள். நாற்பதுக்கும் ஒரே நாடு. எந்த நாடு என்று அவள் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

"பொத்தான் எடுத்தப்புறம்?"

"அந்த நாட்டுலேர்ந்து செவ்வாய் ஒருத்தர். புதன் ஒருத்தர். வியாழன் ஒருத்தர்... பதினோரு நிமிஷம் அந்தப் பக்கத்துல இருந்திருக்கார். வெள்ளியிலிருந்து யாருமில்ல."

"படிவம்?"

"பூஜ்யம்."

"அண்ணன்கிட்டப் பேச நீளம் அகலம் கேட்டிருக்கோம்," என்றார் கடைக்காரர். சிரிப்பதுபோல் வாய் கோணியது. சிரிப்பு வரவில்லை.

"அவர்தான்னு சொல்ல முடியாது மாமா. அந்த நாட்டுல எத்தனையோ கோடிப் பேர். யாருன்னு தெரியாத மாதிரிதான் இது செஞ்சிருக்கு."

"ஆமா. நான்தானே வேவு பாக்காதேன்னேன்." பஞ்சை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "பொத்தானைத் திரும்பப் போடு."

"யாருக்கு மாமா?"

"இருக்கட்டும்மா."

போட்டாள்.

இப்போது தினமும் நாலு மணிக்கு ஒருவர் வந்து பொத்தானை அமுக்குகிறார். உள்ளூர்க்காரர்தான். நம்பர் அவருடைய போனில் வந்து நிற்கும். பச்சையை அமுக்க மாட்டார். கடை முதலாளி அமுக்குவதைக் கணக்கில் சேர்க்காமலிருக்க வழி உண்டு. அக்கா மகள் அதைச் செய்யவில்லை. கணக்கில் அவரும் தினம் ஒரு புது ஆளாக ஏறிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பக்கத்தின் தலைப்பை மட்டும் கடைக்காரர் ஒருநாள் மாற்றச் சொன்னார். இப்போது வெறும் 'மெத்தை' என்று இருக்கிறது.