பொன்னான ஐந்து நிமிடம்

மருத்துவமனையின் மொழிபெயர்ப்புப் பிரிவில் அவருக்கு ஒற்றர் என்று பெயர். வேவு பார்ப்பவர் என்று யாரும் பயப்பட வேண்டாம். விடுபட்ட ஒற்றெழுத்தைத் தேடிப் பிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போடுவதுதான் அவருக்குப் பிழைப்பு. ‘க்’ ஒன்று காணாமல் போனால் சொத்தே பறிபோன மாதிரி பதறுவார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பிரிவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தமிழ்த் தாளும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகிறது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மனிதர் கெட்டவர் அல்ல.

அன்று காலை அவர் மேசைக்கு வந்தது ஒரு மின்னஞ்சல். டயாலிசிஸ் பிரிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்துகிறது; அதற்குப் பதில் சொல்லும்படி கேட்கும் அழைப்பு. ஆங்கில மூலம் நாலு பத்தி. மொழிபெயர்த்தவள் எதிர் மேசைப் பெண், வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் அனுப்பிய தமிழைத் திரையில் திறந்ததும் ஒற்றருக்குச் சுருக்கென்றது. மொத்தமே எட்டு வரி.

அந்த அழைப்பு அவருக்கு மற்ற வேலைகளைப் போல அல்ல. டயாலிசிஸ் பிரிவில் மாலை நேரத்தை எடுத்துவிட்டு எல்லாரையும் பகலுக்கு மாற்றலாமா என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்தது. இந்த ஆய்வின் பதில்களைப் பார்த்துத்தான் முடிவு. அவருடைய தம்பி வாரத்தில் மூன்று நாள் மாலையில் அங்கே போய்ப் படுக்கிறவன். பகலில் அச்சகத்தில் பைண்டிங் வேலை. பகலுக்கு மாற்றினால் வேலை போயிற்று. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். போன வருட ஆய்வில் தமிழில் அழைப்பு அனுப்பிய நூற்று நாற்பது பேரில் பதினோரு பேர்தான் பதில் சொன்னார்கள். அவ்வளவு குறைவான பதிலை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அறிக்கையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அதனால் ஒற்றர் களத்தில் இறங்கினார். முதலில், விட்டுப்போன மரியாதையை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தார். “தங்களின் மேலான கருத்துகளை எமக்கு அறியத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்” என்று ஒரு வாக்கியம். “தங்கள் பொன்னான நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி” என்று இன்னொன்று. மூலத்திலும் ஐந்து நிமிடம் என்றுதான் இருந்தது. அவள்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டு, “ஆய்வு அலுவலரிடம் கேட்டிருக்கிறேன்” என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தாள். கடைசியாக, மூலத்தில் இல்லாத ஒரு வரியைத் தானே சேர்த்தார்: மாலை நேரச் சிகிச்சை நின்றுபோகாமல் இருக்க உடனே பதில் சொல்லுங்கள். எட்டு வரி இருபத்தாறு ஆனது. ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. பார்க்கவே நிறைவாக இருந்தது அவருக்கு.

திருத்தம் கிடைத்ததும் அவள் எழுந்து வந்தாள். கோபமாக வரவில்லை, கையில் ஒரு போனோடு வந்தாள். அந்த அழைப்பையே அதில் திறந்து அவர் முன்னால் வைத்தாள். திரை முழுக்க வணக்கமும் தாழ்மையும். பதில் சொல்லத் தொடுகிற பட்டன் எங்கே என்று கேட்டாள். அவர் விரலால் தள்ளினார். இன்னொரு தரம் தள்ளினார். மூன்றாவது தள்ளலில்தான் பட்டன் வந்தது. டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கு ஒரு கையில் ஊசி இருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது, மீதி ஒரு கைதான் என்று அவள் ஞாபகப்படுத்தினாள். அவருக்குத் தெரியாத விஷயமா? தம்பி பக்கத்தில் எத்தனை மாலை உட்கார்ந்திருக்கிறார். ஆனால் எழுதும்போது அந்தக் கை அவர் கண்ணில் வரவில்லை.

“சரிம்மா, மரியாதையைக் குறைச்சுக்கலாம். அஞ்சு நிமிஷம்னு மூலத்துலயே இருக்கே, அதை ஏன் விட்டீங்க?”

“அது ரொம்பப் பழைய கடிதத்துல இருந்து அப்படியே எடுத்துப் போட்டது சார். அப்ப ஒன்பது கேள்வி. போன வருஷத்துல இருந்தே முப்பத்தொண்ணு.”

அவள் சும்மா சொல்லவில்லை. ஆய்வின் தமிழ்ப் பக்கத்துச் சோதனை இணைப்பை வாங்கி, டயாலிசிஸுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று பேரிடம் கொடுத்து, பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். சலவைப் பிரிவுக்காரருக்குப் பதினாறு நிமிடம். வாகன நிறுத்தத்துக் காவலாளிக்குப் பத்தொன்பது. வரவேற்பில் இருக்கும் பெண்ணின் மாமியாருக்கு, கண்ணாடியைத் தேடிய நேரத்தைக் கழித்து, இருபத்து மூன்று. யார் எந்தக் கேள்வியில் நின்றார்கள் என்றுகூடக் குறித்து வைத்திருந்தாள். எட்டு வரி மின்னஞ்சலுக்கு இத்தனை பாடா என்று ஒற்றருக்கு வியப்பாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு இப்படி ஒன்று தோன்றியதே இல்லை.

ஆனாலும் விட மனமில்லை. இருபது என்று போட்டால் யார் தொடுவார்கள்? ஐந்து என்று போட்டால் உள்ளேயாவது வருவார்கள், வந்தபின் முடித்துவிடுவார்கள் என்று வாதாடினார். அவள் சிரித்தாள்.

“நம்ம ஆளுங்க அஞ்சு நிமிஷம்னு சொன்னா நீங்க நம்புவீங்களா சார்? ‘அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’னு சொல்லிட்டு யாராவது அஞ்சு நிமிஷத்துல வந்திருக்காங்களா?”

அதே சமயத்தில் அவர் போன் அடித்தது, மனைவி. ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று அவர் சொல்லி ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை எதிர் மேசைப் பெண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சிரிப்பை அடக்கியபடி.

கடைசியில் அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

“என் தம்பி மாலை ஷிப்ட்ல இருக்காம்மா. அது நின்னா அவன் வேலை போயிடும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்களேன்.”

அவள் முகம் மாறியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா அந்த வரியைப் போட்டா மாலை ஆளுங்க மட்டும்தான் பதில் சொல்வாங்க. நாமதான் தூண்டிவிட்டோம்னு நாளைக்குத் தெரிஞ்சா, அவங்க சொன்ன உண்மையையும் சேர்த்துக் குப்பையில போடுவாங்க. உங்க தம்பி சொல்றதும் அதுல போயிடும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று அன்றைக்குத் தள்ளிவைத்தார்.

மாலை தம்பியிடம் போனார். ஊசி குத்தி, குழாய் மாட்டி, இடது கையை நீட்டிப் படுத்திருந்தான். வலது கையில் போனை வைத்துக்கொண்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றர் பொதுவாகப் பேச்சுக் கொடுப்பது போல, போன வருட ஆய்வுக்குப் பதில் சொன்னாயா என்று கேட்டார்.

“ஆரம்பிச்சேண்ணே. பொன்னான அஞ்சு நிமிஷம்னு எழுதியிருந்தாங்க. அஞ்சு நிமிஷம் ஆச்சு, பத்தாச்சு, பாதிகூட வரல. ஆரம்பமே பொய்யா இருக்கே, இவங்க எங்கே நம்ம பேச்சைக் கேக்கப் போறாங்கன்னு மூடி வெச்சுட்டேன்.”

போன வருட அழைப்பு யார் மேசையைத் தாண்டிப் போனது என்று தம்பிக்குத் தெரியாது. அந்தப் ‘பொன்னான’ என்ற சொல்லை மொழிபெயர்ப்பாளர் எழுதவே இல்லை. ஒற்றர்தான், ஒரு பத்து நிமிடம் யோசித்து, அழகுக்காகச் சேர்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு தம்பியின் போர்வையைச் சரிசெய்தார். போர்வை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தன் இருபத்தாறு வரியையும் அழித்தார். பிறகு இருவருமாக ஆய்வு அலுவலரிடம் போனார்கள். இருபது நிமிடம் என்று கேட்டதும் அலுவலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேள்விகளைக் குறைக்க முடியுமா என்று அவள் கேட்டாள். ஒப்புதல் வாங்கிய படிவம், இனிக் கை வைக்க முடியாது என்றார் அலுவலர். அப்படியானால் நேரத்தை உள்ளபடி சொல்லிவிட்டு, சுமையைக் குறைக்கும் உண்மைகளையும் சேர்த்துச் சொல்லலாம் என்றாள். நடுவில் நிறுத்தினால் படிவம் அதுவரை சொன்னதைச் சேமித்து வைக்கிறது என்பதையும், எழுதும்படி கேட்கிற மூன்று கேள்விகளையும் தாண்டிப் போகலாம் என்பதையும் அவள் சோதித்துப் பார்த்திருந்தாள். மூலத்தில் இந்த இரண்டும் இல்லை. அதனால் எல்லா மொழிகளிலும் சேர்த்தால்தான் நியாயம் என்றாள். அலுவலர் தயங்கினார். அப்போது ஒற்றர் போன வருடக் கதையைச் சொன்னார், தம்பியையும் தன்னையும் மறைக்காமல். அலுவலர் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் அனுப்பிய அழைப்பு இதுதான். தலைப்பில்: டயாலிசிஸ் நேரம் உங்களுக்கு வசதியாக இருக்கிறதா?

“வணக்கம். எங்கள் டயாலிசிஸ் பிரிவின் நேரங்களையும் வசதிகளையும் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறோம்.

31 கேள்விகள். சுமார் 20 நிமிடம் ஆகும். நடுவில் நிறுத்திவிட்டு, இதே இணைப்பில் பிறகு தொடரலாம்.

விரலால் தொட்டே பதில் சொல்லலாம். எழுதியே ஆக வேண்டிய கேள்வி எதுவும் இல்லை.

பதில் சொல்லத் தொடங்க, இங்கே தொடுங்கள்.

கடைசி நாள்: இம்மாதம் 28. பதில் சொல்லாவிட்டாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது. உங்கள் பதில்களை உங்கள் மருத்துவரோ நர்ஸோ பார்க்க மாட்டார்கள்.”

பட்டன் முதல் திரையிலேயே இருந்தது. ஒற்றர் எழுத்தெழுத்தாக மூன்று முறை படித்தார். திருத்த ஒன்றுமில்லை. தான் எழுதியிருக்க வேண்டியது என்று பொறாமைகூட வந்தது.

இரண்டு நாள் கழித்து, மாலை ஆறு மணிக்கு, தம்பியின் போனில் அது வந்து விழுந்ததை அவரே பார்த்தார். வாயைத் திறக்கவில்லை, பதில் அவனுடையதாக இருக்க வேண்டும். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். தம்பி படித்தான். கட்டை விரலால் தொட்டான். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்தான். ஒற்றர் செய்தித்தாளைத் தாழ்த்தி எட்டிப் பார்த்தார். நர்ஸ் போனதும் தம்பி மறுபடி எடுத்தான், விட்ட இடத்திலிருந்து.

முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“இருபதுன்னு போட்டிருந்தாங்கண்ணே. நர்ஸ் வந்த நேரத்தைக் கழிச்சா இருபத்தொண்ணு. எழுதினது யாரோ, யோக்கியமான ஆளு.”

மாதக் கடைசியில் கணக்கு வந்தது. நூற்று முப்பத்தெட்டுப் பேரில் தொண்ணூற்று நாலு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். பகல்காரர்களும் மாலைக்காரர்களும் கலந்தே சொல்லியிருந்ததால் யாரும் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. மாலை நேரம் தொடரும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

அறிவிப்பைப் படித்துவிட்டு ஒற்றர் நேராக எதிர் மேசைக்குப் போனார். தம்பி சொன்னதை, அந்த இருபத்தொரு நிமிடக் கணக்கோடு, அப்படியே சொன்னார். அவள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு நிமிஷம் தப்பாப் போச்சே சார்,” என்றாள்.

“அதை நான் திருத்தலம்மா,” என்றார் ஒற்றர்.