சுடரின் நிறம்

துறைமுகத்து அரிசிக் கிட்டங்கிக்கு முன்னால் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று குமாஸ்தா ஜெபகனி நின்றார். கயிற்றுக்கு இந்தப்பக்கம் முப்பது சுமைகூலிகள். கப்பல்காரன் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டான்.

பூச்சிக்கு அடித்த விஷவாயு போய்விட்டதாக மருந்துக்காரர் சுந்தரராஜ் ரிஜிஸ்தரில் ‘முடிந்தது’ என்று எழுதியிருந்தார். விளக்குச் சோதனைச் சீட்டு மட்டும் அதோடு இல்லை. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. வாயு மிச்சமிருந்தால், அதற்கென்றே உள்ள சோதனை விளக்கின் சுடர் பச்சையாகும். எந்த மூலையில், எத்தனை மணிக்கு, என்ன நிறம் என்று சீட்டில் இருக்க வேண்டும்.

“விடியவே கதவத் தொறந்து காத்தாட விட்டாச்சு. இருவது வருசமா பாக்கேன், என் சொல்லு போதாதாவே?” என்று சுந்தரராஜ் எகிறினார்.

“சீட்டு எங்க அண்ணாச்சி?”

“நான் பொய் சொல்லுதேங்கீரா? இந்தா, நானே உள்ள போயிக் காட்டுதேன்!”

கயிற்றைத் தாண்டியவரின் சட்டையைப் பிடித்து ஜெபகனி இழுத்ததில் பொத்தான் தெறித்தது.

“போறதுன்னா முகமூடிய மாட்டிக்கிட்டு விளக்கோட போரும்!”

சுந்தரராஜ் முறைத்துக்கொண்டே போனார். வாசலில் சுடர் மாறவில்லை. கூலிகள் முணுமுணுத்தார்கள். ஜெபகனி கயிற்றை விடவில்லை. கடைசி மூலையில் மூட்டை அடுக்கின் அடியில் விளக்கைத் தாழ்த்தியபோது, இருட்டுக்குள் பச்சை எரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றியவர் ரிஜிஸ்தரை வாங்கினார். ‘முடிந்தது’ என்பதை அடித்துவிட்டு, சீட்டில் மணியை எழுதினார்.

“நெறத்தையும் எழுதும் அண்ணாச்சி,” என்றார் ஜெபகனி.