எடுத்ததாக எழுதிய பணம்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை, வரவேற்பறையிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

"மேடம், உங்களைப் பாக்க ஒரு அம்மா வந்திருக்காங்க. முகமே சரியில்ல."

கணக்கக்கா டப்பாவை அப்படியே விட்டு எழுந்தாள். கணக்கக்கா என்று அவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கடைத்தெருக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே ஒட்டிக்கொண்டது. பகலெல்லாம் இந்த இரும்புக் கம்பெனியில் கணக்கெழுதுபவள், சாயங்காலமும் சனிக்கிழமையும் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆகிறது. மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கித்தான் ஆரம்பித்தாள். அந்த விஷயத்தில் எல்லாம் அவள் படு கறார். மற்ற விஷயத்தில் எப்படி என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

வரவேற்பறையில் பட்டன் கடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கணக்கக்காவின் முதல் வாடிக்கையே பட்டன் கடைதான். பட்டன், ஜிப், நூல்கண்டு, லைனிங் துணி என்று தையல்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். காலையிலும் இரவிலும் கல்லாவில் அவர், அவர் சாப்பிட்டுக் கண்ணயரப் போகும் மதிய நேரத்தில் இவள். அந்தத் தெருவில் இன்னும் மூன்று கடைகள் கணக்கக்காவிடம் வந்தது அவர் வாய்வார்த்தையால்தான்.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடிப்பைப் பிரித்தாள். போன வாரம் கணக்கக்கா அச்செடுத்துக் கொடுத்த அரையாண்டுக் கணக்கு. ஒரு வரியின் அடியில் பேனாவால் கோடு கிழித்திருந்தது.

"இது என்னக்கா?"

"வீட்டுக்கு எடுத்தது. கடைப் பணத்துல இருந்து குடும்பத்துக்கு எடுத்துக்கிட்டது."

"எந்த வீட்டுக்கு?"

கணக்கக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வர்ற பணம் இதுல பாதிகூடக் கிடையாது. மாசா மாசம் அவர் குடுக்கறதை நானே நோட்டுல எழுதறேன். மிச்சம் எங்க போவுது? யாருக்குப் போவுது? நீங்க பொம்பளைங்கிறதாலதான் உங்ககிட்ட வந்தேன். மூடி மறைக்காம சொல்லுங்க. வேற குடும்பம் வெச்சிருக்காரா?"

அவள் கண்ணில் நீர் இல்லை. அழுது முடித்துவிட்டு வந்த கண். கணக்கக்கா அந்தக் கண்ணைப் பார்க்காமல் தாளைப் பார்த்தாள். ஏனென்றால் அந்த மிச்சப் பணத்தை யாருக்கும் யாரும் கொடுக்கவில்லை. அதை அந்த வரியில் போட்டது கணக்கக்காவேதான்.

நடந்தது இதுதான். கடையின் விற்பனை நோட்டின்படி கல்லாவில் இருக்க வேண்டிய ரொக்கம் ஒன்றாகவும், கல்லாவில் உள்ளபடி இருந்தது வேறாகவும் மாதா மாதம் நின்றது. எப்போதும் குறைவாகவே இருந்தது. சின்னக் கடைக்காரர்கள் கல்லாவில் கைவிட்டு எடுப்பார்கள், எழுத மாட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் புருஷன் பெண்சாதி இருவரும் நிற்கையில், "எழுதாம எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்கக் கணக்கக்காவுக்குக் கூச்சம். முதல் வாடிக்கை, முகம் கோணிவிட்டால்? கேட்காமலே குறைந்ததையெல்லாம் 'வீட்டுக்கு எடுத்தது' என்று போட்டுப் பூசி மெழுகிவிட்டாள். கணக்கு அழகாக நேரானது.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். "மதியம் நீங்க உக்காரும்போது நோட்டுல எதையெல்லாம் எழுதுவீங்க?"

"வித்ததை எழுதுவேன்."

"ரொக்கம் வந்ததை மட்டும்தானே? போன்ல ஸ்கேன் பண்ணி அனுப்பற பணத்தை எழுத வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேனே. அதை நான் பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருந்து எடுத்துக்குவேன்னு."

"அவர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட யார் சொன்னா?" அவளுக்குக் கோபம் வந்தது. "எப்படிக் குடுத்தா என்ன? வித்தது வித்ததுதானே. எல்லாத்தையும் எழுதுவேன். ஒரு ஊசி விட மாட்டேன்."

கடைக்காரர்கள் தினமும் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவது கணக்கக்கா செய்த ஏற்பாடு. போனில் முந்தின நாள் பக்கத்தைத் திறந்தாள். மேலேயும் கீழேயும் அவருடைய சாய்ந்த எழுத்து, நடுவில் இவளுடைய உருண்டை எழுத்து. ஜிப் பாக்கெட், லைனிங் துணி, எலாஸ்டிக். அதே நாளின் ஸ்டேட்மெண்டைப் பக்கத்தில் வைத்தாள். ஜிப் பாக்கெட்டின் தொகை அங்கேயும் இருந்தது. லைனிங் துணியும் இருந்தது. எலாஸ்டிக் மட்டும்தான் ரொக்கம். வேறொரு மாதத்தின் ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். அங்கேயும் அதே கதை. மதியம் போனில் வந்த பணமெல்லாம் விற்பனையில் இரண்டு தடவை ஏறியிருந்தது. இல்லாத விற்பனை, அதனால் இல்லாத ரொக்கம், அதனால் இல்லாத லாபம். அந்த இல்லாத ரொக்கத்தைத்தான் ஒரு மனுஷன் வீட்டுக்கு எடுத்துப் போனதாக அவள் எழுதி வைத்திருந்தாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்தத் தாளை அவர் எதற்குக் கேட்டு வாங்கினார்?

"அண்ணன் இப்ப எங்க?"

"கடையிலதான். முனைக்கடைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறார். கட்டிடத்துக்காரர் இன்னிக்கு மத்தியானம் வரேன்னார்."

தெருமுனையில் இருக்கும் பெரிய கடை. வாடகை இப்போது கொடுப்பதைப் போல மூன்று மடங்கு. இடையில் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்ப வராது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "தாங்குமாக்கா?" என்று போன வாரம் அவர் கேட்டார். "தாராளமா தாங்கும்ணே," என்றாள் இவள். அந்தத் 'தாராளமா' இப்போது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மேலாளரிடம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினாள். சாப்பாட்டு டப்பா திறந்தது திறந்தபடியே மேஜையில் கிடந்தது.

ஆட்டோவில் விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தோன்றவில்லை. "அந்த மிச்சப் பணத்தை அவர் எடுக்கல. அப்படி ஒரு பணமே கிடையாது. கேக்க வேண்டியதைக் கேக்காம நான் போட்டது. தப்பு என்னோடது."

அந்த அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னலில் நின்றபோது மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல."

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் ஓவென்று அழுதாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று ஹாரனை அடித்தார். கணக்கக்காவுக்கு ஆறுதல் சொல்லும் தெம்பில்லை. மறுபடி போன் போட்டாள். மறுபடியும் எடுக்கவில்லை. கொடுத்திருப்பாரோ, கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு லாரி குறுக்கே நின்று பின்னால் வரவா முன்னால் போகவா என்று யோசித்தபோது, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

கடையில் கட்டிடத்துக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தத் தாள் பட்டன் டப்பாக்களுக்கு நடுவே விரித்திருந்தது. பட்டன் கடைக்காரர் கையில் பேனா இருந்தது. போன் கல்லாவுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது.

"அடடே, கணக்கக்கா! நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே சாட்சி போட்டுடுங்க," என்றார் வாயெல்லாம் பல்லாக.

"அண்ணே, கையெழுத்துப் போடாதீங்க."

பேனா அப்படியே நின்றது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாகக் கூப்பிட்டால் அதற்குள் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். கட்டிடத்துக்காரர் முன்னாலேயே சொன்னாள். போனில் வந்த பணம் இரண்டு தடவை ஏறியதை, ரொக்கம் குறைந்ததை, அதைக் கேட்காமல் மெழுகியதை. சரியான லாபம் எவ்வளவு என்று இன்று ராத்திரிக்குள் போட்டுத் தருவதாகவும், ஆனால் முனைக்கடை வாடகையை அது தாங்காது என்பது இப்போதே தெரியும் என்றும் சொன்னாள்.

கட்டிடத்துக்காரர் டீயை முடித்தார். "நாளைக்கு வேற ஆள் வராங்க. நல்லா யோசிச்சுக்கங்க," என்று தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பட்டன் கடைக்காரர் கணக்கக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். மேலே அடுக்கியிருந்த நூல்கண்டுகளைப் பார்த்தார்.

"அப்ப நான் அவ்வளவு சம்பாதிக்கவே இல்லியா?" என்றார். "ஒரு வாரமா பெரிய ஆளா நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"சம்பாதிக்காட்டி போகுது," என்றாள் மனைவி. அழுத முகத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கவே மாட்டேன் என்றது. "இல்லாட்டி போகுதுங்க."

அவர் அவள் வீங்கிய கண்ணைப் பார்த்தார். இவள் ஏன் கணக்கக்காவோடு வந்து இறங்கினாள் என்பது இப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நீ எதுக்கு அங்க போனே?"

அவள் கலைந்திருந்த எலாஸ்டிக் சுருளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப் போனது. லாபம் போனதற்குக்கூட அவர் அப்படி ஆகவில்லை.

"என்னைப் போயா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கணக்கக்கா அங்கே நிற்கவும் முடியாமல், போகவும் முடியாமல் கையைப் பிசைந்தாள். "அண்ணே, இந்த மாசத்தோட வேற ஆளைப் பாத்துக்கங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன். பழசெல்லாம் சரி பண்ணி, காசு வாங்காம ஒப்படைக்கிறேன்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

"அது கிடக்கட்டும். எதிர்க்க பை கடை, அந்தப் பக்கம் செருப்புக் கடை, பாத்திரக் கடை. நான் சொல்லித்தானே உங்ககிட்ட வந்தாங்க? அங்கயும் கேக்காமத்தான் போட்டீங்களா?"

கணக்கக்கா மெல்லத் தலையாட்டினாள்.

"பை கடையில மச்சான் மாப்பிள்ளை ரெண்டு பேர் பங்கு," என்றார் அவர். "ஒருத்தன் எடுத்ததா நீங்க எழுதினா, இன்னொருத்தன் என்ன நினைப்பான்?"

கணக்கக்கா திரும்பிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் பை கடை மச்சான் ஒரு பெரிய பெட்டியை வாசலில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் கையை உயர்த்தி, "அக்கா, வாங்க! எங்க கணக்குத் தாள் எப்ப கிடைக்கும்?" என்று சந்தோஷமாகக் கத்தினான். மாப்பிள்ளை உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.