ஆளுக்கு மூன்று அலர்ட்

மலைமேல் செம்மேட்டில் காப்பியும் மிளகும் கொள்முதல் செய்யும் கடை ஒன்றில் சுகுணா கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். வணிகவியல் படித்தவள். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைப் பங்குச் சந்தையில் போட்டு வந்தாள். இன்று வாங்கி இன்றே விற்கிற ரகம் இல்லை. ஒரு பங்கை வாங்கினால் மாதக்கணக்கில் வைத்திருப்பாள்.

மாதேஸ்வரனும் அப்படித்தான். அவன் அதே மலையில் தேவனூர் நாட்டுப் பையன்; சில ஊர்கள் சேர்ந்தது அங்கே ஒரு நாடு. மலையை விட்டு இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். முதலீடு பற்றி நாமக்கல்லில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த வகுப்பில்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். திரும்பும்போது ஒரே பஸ். காளப்பநாயக்கன்பட்டியில் அவன் இறங்குவதற்குள், இருவர் போனிலும் இருப்பது ஒரே வரைபட ஆப்தான் என்பதும், இருவருமே காசு கட்டாத இலவசத் திட்டத்தில் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது.

அந்த ஆப்பின் பெயர் சந்தைவரை. பங்கை வாங்குவதும் விற்பதும் தரகு நிறுவனத்தின் வேறொரு ஆப்பில். அதில் விலை அப்போதைக்கு அப்போதே ஓடும். ஆனால் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். மூட்டை எடை போடும் இடத்தில் அது நடக்காது. சந்தைவரையில் வரைபடத்தின் மேல் ஒரு கோடு போட்டு, “விலை இதைத் தொட்டால் கூப்பிடு” என்று சொல்லிவிட்டால் போதும், அலர்ட் வந்துவிடும். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் விலையைப் பார்க்கிற வேலை ஆப்காரர்கள் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். சிக்னல் கிடைத்ததும் மணி அடிக்கும். மலையில் இருப்பவளுக்கு அது பெரிய வசதி.

வில்லங்கம் என்னவென்றால், இலவசத் திட்டத்தில் ஒரு நேரத்தில் மூன்று அலர்ட்தான். விலையின் போக்கைக் கணித்துக் காட்டும் இண்டிகேட்டர் ஒரு வரைபடத்தில் இரண்டுதான். விலையும் கால் மணி நேரம் பிந்தித்தான் வரும். அலர்ட்டும் அந்தப் பிந்திய விலையைப் பார்த்துத்தான் அடிக்கும்.

“கால் மணி நேரம் பிந்துனா நமக்கென்னங்க? நாம என்ன நிமிசத்துக்கு நிமிசமா விக்கப் போறோம்?” என்றான் மாதேஸ்வரன். “அலர்ட்டு பத்தலைங்கறதுதான் ரோதன.”

“எனக்கும் அதுதானுங்க. ஆறு கம்பெனிய பாக்கறேன். மூணுக்குத்தான் வெக்க முடியுது.”

“என்னோட ஆறுல நாலு நீங்க பாக்கறதேதான். பேசாம ரெண்டு பேரும் சேந்து ஒரே ஆறா வெச்சுக்கலாம். ஆளுக்கு மூணு வெப்போம். எந்த போன்ல அடிக்குதோ அவிக மத்தவிகளக் கூப்புட்டுச் சொல்லிப்புடலாமுங்களா?”

பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக நம்பர் வாங்கிக்கொண்டுதான் அவன் நகர்ந்தான்.

ஏற்பாடு நன்றாக ஓடியது. அலர்ட் அடிக்கும், அடித்தவர் கூப்பிடுவார். “டயர் கம்பெனி கோட்டத் தொட்டுருச்சுங்க.” “அப்படிங்களா, வாங்கறீங்களா?” “இன்னம் கொஞ்சம் எறங்கட்டுமுங்க.” ஒருமுறை அடித்த அலர்ட் அதோடு முடிந்துவிடும். காலியான இடத்தில் அடுத்து எதை வைப்பது என்று பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு மலையில் பெய்யும் மழைக்குப் போகும். அவன் கடைக்கு வந்த தண்ணீரில் விழுந்த போனுக்குப் போகும். அங்கிருந்து இவள் கடைக்கு ஈரமிளகைக் கொண்டுவந்து காய்ந்தது என்று சாதிக்கும் ஆட்களுக்குப் போகும். சிமெண்டு கம்பெனி விலையைச் சொல்லக் கூப்பிட்டவன் அதைச் சொல்லாமலே வைத்துவிட்டு, மறுபடி கூப்பிட்ட நாளும் உண்டு. கடையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பின்பக்கம் பலாமரத்தடியில்தான் கிடைக்கும். போன் மணி அடித்தால் சுகுணா பேனாவை வைத்துவிட்டுப் பலாமரத்தை நோக்கி நடப்பது கடையில் எல்லோருக்கும் பழகிப்போனது.

சந்தைக்கு விடுமுறை நாட்கள் வந்தால் அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

புது வருடம் பிறந்ததும் சந்தைவரையில் தள்ளுபடி போட்டார்கள். வெள்ளித் திட்டம் பாதி விலைக்கு. இருபது அலர்ட், ஒரு வரைபடத்தில் ஐந்து இண்டிகேட்டர், பிந்தாத நேரலை விலை. அதற்கு மேல் தங்கத் திட்டம் ஒன்றும் இருந்தது. அதில் நூற்றுக்கணக்கில் அலர்ட், ஒரே திரையில் பல வரைபடங்கள். அது தொழிலாகவே இதைச் செய்கிறவர்களுக்கு. தனக்கு வெள்ளியே தாராளம் என்று சுகுணா கணக்குப் போட்டாள். சம்பளமும் வந்திருந்தது. பலாமரத்தடியில் நின்று, பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போனாள்.

கட்டை விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிட்டது.

இருபது அலர்ட் வந்துவிட்டால் ஆறு கம்பெனியையும் தானே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் மாதேஸ்வரன் எதற்குக் கூப்பிடப் போகிறான்? இவள்தான் எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்? சந்தை விடுமுறை நாட்களில் ஏன் அப்படி இருந்தது? அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. யாரோ பார்த்துவிட்டது போல் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தை மூடிவிட்டுக் கடைக்குள் போனாள். அன்றைக்குக் கூட்டல் எல்லாம் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

தள்ளுபடி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த வாரமே அவனிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. மருந்துக் கம்பெனி ஒன்றின் வரைபடத்தை போன் திரையிலிருந்து அப்படியே பிடித்து அனுப்பியிருந்தான். ‘இது நல்லா இருக்குதுங்க, பாருங்க’ என்று கீழே எழுதியிருந்தான்.

சுகுணா பார்த்தாள். இருபது நாள் சராசரிக் கோடு. ஐம்பது நாள் சராசரிக் கோடு. சரி, இரண்டு ஆயிற்று. விலைக்கு மேலும் கீழும் பொலிஞ்சர் பட்டை வேறு ஓடியது. அடியில் தனிக் கட்டத்தில் ஆர்எஸ்ஐ.

நான்கு.

தன் போனில் அதே வரைபடத்தைத் திறந்து, மூன்றாவது ஒன்றைச் சேர்த்துப் பார்த்தாள். ‘கூடுதல் இண்டிகேட்டருக்கு வெள்ளித் திட்டத்துக்கு மாறுங்கள்’ என்று வந்தது. மறுபடி அவன் படத்தைப் பெரிதாக்கினாள். இவள் போனில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் ‘தாமதம்’ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொல் எப்போதும் நிற்கும். அவன் படத்தில் அந்த இடத்தில் பச்சைப் புள்ளி.

கொஞ்ச நாளாக இவள் கூப்பிட்டு ஆரம்பிப்பதற்குள் “தொட்டுட்டு மேல போயிருச்சுங்களா?” என்று அவனே முடித்தது நினைவுக்கு வந்தது. அவனுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டே, இவள் போன் வரட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறான்.

பலாமரத்தடியில் தனியாக நின்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒருவேளை சும்மா இலவசச் சோதனைக்கு எடுத்துப் பார்த்திருப்பானோ? போனில் கேட்கப் பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை, சந்தை இல்லாத நாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சுழன்று மலையடிவாரக் காரவள்ளிக்கு வந்து சேர்வதற்குள், கேட்க வேண்டியதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். எதுவும் நன்றாக இல்லை.

மாதேஸ்வரன் கடையில் ஒரு போனைத் திறந்து போட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். கையிலிருந்த சின்னத் திருப்புளி கீழே விழுந்து எங்கோ உருண்டது.

“ஏனுங்க, நீங்க... இன்னைக்கு மார்க்கெட்டு லீவுங்களே!”

“லீவுன்னா வரக் கூடாதுங்களா?”

“ஐயோ, அப்படி இல்லீங்க. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?”

“டீ அப்பறம். உங்க ஆப்புல எத்தன அலர்ட்டு வெக்கலாமுங்க?”

அவன் காதுகள் சிவந்தன. திருப்புளியைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்தான். அங்கிருந்தே பதில் வந்தது.

“இருபது.”

“எப்பருந்து?”

“ஆடி மாசத்துலருந்துங்க. சோதனைக்குன்னு எடுத்தேன். அப்பறம் வருசத்துக்கே கட்டிட்டேன்.”

“அப்பறம் எதுக்கு இத்தன நாளா என்ன மூணு வெக்கச் சொன்னீங்க? என்னோடது கால் மணி நேரம் கழிச்சு அடிக்குது. அது உங்களுக்கு எதுக்கு?”

அவன் மெல்ல எழுந்தான். திருப்புளி கிடைக்கவில்லை.

“அலர்ட்டுக்கு இல்லீங்க,” என்றான். “அடிச்சா நீங்க கூப்புடுவீங்கல்ல. அதுக்கு.”

தெருவில் கோழித் தீவன லாரி ஒன்று பெரும் சத்தத்தோடு போனது.

“நானும் இந்த வாரம் வாங்கப் போனேன்,” என்றாள் சுகுணா. “பாதி விலைக்குக் குடுத்தான்.”

“வாங்கிட்டீங்களா?” அவன் குரல் இறங்கிவிட்டது.

“இல்ல.”

“ஏனுங்க?”

“வாங்கிப்புட்டா நீங்க கூப்புட மாட்டீங்களேன்னு.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. எதிர்க்கடைக்குக் கேட்கும்படி, “அண்ணா, ரெண்டு டீ! நல்லா ஸ்ட்ராங்கா!” என்று கத்தினான். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. டீக்கடைக்காரர் நாலு அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

மாசி மாதத்தில் மாதேஸ்வரன் தன் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சுகுணா வீட்டுக்கு வந்தான். அவள் அப்பா சின்னக்கண்ணு முற்றத்தில் மிளகு காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். வந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, எந்த நாடு, எந்த வகையறா என்று விசாரித்தார். பெரியவர்கள் பாட்டன் பேர்களைச் சொல்லிப் பின்னோக்கிப் போனார்கள். பங்காளி இல்லை, மாமன் மச்சான் முறைதான் என்று தெரிந்ததும் சுகுணாவின் அம்மா பொன்னம்மாள் அடுப்படிக்குள் போய் நாலு ஆழாக்கு அரிசியைக் கூடப் போட்டாள்.

“பையன் என்ன பண்றாப்புல?” என்றார் சின்னக்கண்ணு.

“செல்போன் கடைங்க மாமா. சேர் மார்க்கெட்டும் கொஞ்சம்.”

“சூதாட்டமா?”

“இல்லப்பா, நானும் மூணு வருசமா பண்றேன்,” என்றாள் சுகுணா கதவோரமாக.

சின்னக்கண்ணு மகளைத் திரும்பிப் பார்த்தார். “நீயுமா கண்ணு? எனக்குத் தெரியாமயா?” கோபிக்கலாமா என்று யோசித்தவர், அதற்குள் ஆர்வம் முந்திக்கொள்ள, மாதேஸ்வரன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். “அது எப்படிப்பா வேல செய்யுது? காட்டு.”

மாதேஸ்வரன் போனைத் திறந்து விளக்கினான். ஒரு கோடு போட்டு, விலை அதைத் தொட்டால் போன் கூப்பிடும் என்றான். அவருடைய கண்கள் விரிந்தன.

“அட! அப்ப மெளகுக்கு ஒண்ணு போட்டு வுடு. வெல ஏறுனதும் கூப்புடட்டும்.”

மாதேஸ்வரன் விழித்தான். சுகுணா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மெளகு இதுல வராதுங்க மாமா. கம்பெனிப் பங்கு மட்டுந்தான்.”

“பெரிய திட்டத்துல கூடவா வராது?”

“தங்கத் திட்டத்துலயும் வராதுங்க.”

“மெளகு வெல தெரியாத ஆப்பு என்னப்பா ஆப்பு!” என்று சின்னக்கண்ணு தொடையில் தட்டிச் சிரித்தார். மாதேஸ்வரனின் அப்பாவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை, அவரும் மிளகுக்காரர்தான். அதற்குப் பிறகு பெரியவர்கள் இருவரும் மிளகு விலையைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாண நாளைக் குறிக்க வந்ததை நினைவுபடுத்த பொன்னம்மாள்தான் அடுப்படியிலிருந்து வெளியே வர வேண்டியிருந்தது.